சினைப்பையில் நீர்க்கட்டி: ஆறு வாரம் கழித்து மறுபடி ஸ்கேன் எதற்கு?

மகளிர் குழுக் கூட்டங்களில் பேசுவதற்காக எழுதி வைத்திருக்கும் உரை இது. ஒவ்வொரு ஊரிலும் பேசிவிட்டு வந்து, கேட்கப்பட்ட கேள்விகளைப் பார்த்து அடித்துத் திருத்தியிருக்கிறேன். உங்கள் ஊரில் பேச வேண்டியிருந்தால் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் வணக்கம். ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்து பெயர் கூப்பிடும் வேலையைப் பல வருஷம் பார்த்தவள் நான். அங்கே அடிக்கடி நடக்கும் ஒன்றைச் சொல்கிறேன். அடிவயிற்று வலி என்று வந்த பெண் ஸ்கேன் எடுத்துக்கொண்டு டாக்டரைப் பார்க்கப் போவார். திரும்பி வரும்போது முகம் வாடியிருக்கும். "ஓவரியில நீர்க்கட்டி இருக்காம். மாத்திரை ஒண்ணும் பெரிசா தரலை. ஆறு வாரம் கழிச்சு மறுபடி ஸ்கேன் எடுத்துட்டு வரச் சொல்றாங்க."

கூட வந்தவர்கள் உடனே ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். "முதல் ஸ்கேன் சரியா விழலை போல" என்பார் ஒருவர். "பெரிசா ஏதோ இருக்கு, நம்மகிட்ட மறைக்கிறாங்க" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் சுருக்கமாக, "எல்லாம் காசுக்குத்தான்" என்று முடித்துவிடுவார். காசுக்காக ஸ்கேன் எழுதுபவர்களே உலகத்தில் இல்லை என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் காசு மட்டும்தான் குறி என்றால் அடுத்த வாரமே வரச் சொல்லலாமே, ஆறு வாரம் ஏன் தள்ளிப் போட வேண்டும்? அந்த ஆறு வாரத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. அதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம்.

## முதலில் ஒரு பெயர்க் குழப்பம்

நம் ஊரில் "நீர்க்கட்டி" என்ற ஒரே சொல்லை இரண்டு வேறு விஷயங்களுக்குச் சொல்கிறோம். பாதிக் குழப்பம் இங்கேயே தொடங்கிவிடுகிறது.

ஒன்று, பி.சி.ஓ.டி. என்று எல்லாரும் சொல்வது. மாதவிலக்கு தள்ளித் தள்ளி வரும், முகத்தில் முடி வளரும், எடை கூடும். இதில் சினைப்பைக்குள் 2 முதல் 9 மில்லிமீட்டர் அளவில் குட்டிக் குட்டியாக நிறையப் பைகள் இருக்கும். கடுகிலிருந்து கொண்டைக்கடலை வரைக்குமான அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவை உண்மையில் கட்டியே இல்லை. பாதி வளர்ந்து நின்றுபோன முட்டைப் பைகள். அது ஹார்மோன் சம்பந்தப்பட்ட நீண்ட காலப் பிரச்சினை, அதற்கு வைத்தியமும் வேறு.

இன்னொன்று, ஒரே சினைப்பையில் தனியாக ஒரு பெரிய பை வந்து நிற்பது. நெல்லிக்காய் அளவிலிருந்து எலுமிச்சை அளவு, சில சமயம் அதற்கும் மேல். இன்றைக்கு நான் பேசுவது இந்த ஒற்றைப் பையைப் பற்றி மட்டும். பக்கத்து வீட்டுப் பெண்ணின் நீர்க்கட்டிக்கு ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள், எனக்கு ஏன் சும்மா இருக்கச் சொல்கிறார்கள் என்று கேட்பவர்கள் முதலில் இதைப் பார்க்க வேண்டும். இருவருக்கும் வந்தது ஒரே வியாதியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

## வாசலில் தேங்கிய தண்ணீர்

காலையில் கதவைத் திறக்கிறீர்கள். வாசலில் தண்ணீர் தேங்கி நிற்கிறது. ராத்திரி பெய்த மழையா, இல்லை மண்ணுக்கடியில் போகும் குழாய் உடைந்து கசிகிறதா? தண்ணீரைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. மழைத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும்.

உடனே கொத்தனாரைக் கூப்பிட்டு வாசலைத் தோண்டலாம். மழைத் தண்ணீராக இருந்தால் நல்ல வாசலை வீணாகப் பெயர்த்ததுதான் மிச்சம். அதனால் நாம் என்ன செய்வோம்? நாலு நாள் வெயில் அடிக்கட்டும் என்று விடுவோம். வற்றிவிட்டால் மழை. வெயிலிலும் அப்படியே நின்றால் குழாய்.

இதில் இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த நாலு நாளில் மறுபடி ஒரு மழை பெய்து, அன்றைக்கே போய்ப் பார்த்தீர்கள் என்றால்? தண்ணீர் நிற்கும். பழைய தண்ணீரா புதிய தண்ணீரா என்று தெரியாது. ஆக, எத்தனை நாள் காத்திருந்தோம் என்பது மட்டும் போதாது, எந்த நாளில் போய்ப் பார்க்கிறோம் என்பதும் முக்கியம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வருகிறேன்.

## சினைப்பை மாதாமாதம் செய்யும் வேலை

கர்ப்பப்பையின் இரண்டு பக்கமும் ஒவ்வொன்று இருக்கிறதே, அவைதான் சினைப்பைகள். டாக்டர்கள் ஓவரி என்பார்கள். வாதாம் பருப்பு வடிவம், ஏறத்தாழ 3 சென்டிமீட்டர் நீளம். முட்டைகள் இதற்குள்தான் இருக்கின்றன.

மாதவிலக்கு வந்த பிறகு, முட்டை ஒன்றைச் சுற்றி நீர் நிறைந்த ஒரு சின்னப் பை வளரத் தொடங்கும். இதற்கு ஃபாலிக்கிள் என்று பெயர். குழந்தைக்காக வைத்தியம் பார்த்தவர்களுக்கு இந்தச் சொல் பழக்கமாக இருக்கும். நாளுக்கு 2 மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்து, 2 சென்டிமீட்டரை எட்டும்போது வெடித்து முட்டையை வெளியே விடும். 28 நாள் சுற்று உள்ளவர்களுக்கு இது 14-ஆம் நாள் வாக்கில் நடக்கும்.

முட்டை போன பிறகு வெறும் கூடு மிச்சமிருக்கும் அல்லவா, அது மூடிக்கொண்டு, மஞ்சள் நிறமாகி, ஹார்மோன் சுரக்கும் ஒரு சின்ன உருண்டையாக மாறும். பாடப் புத்தகத்தில் கார்பஸ் லூட்டியம் என்று இருக்கும். நான் மஞ்சள் முடிச்சு என்றே சொல்கிறேன். கரு தரிக்கவில்லை என்றால் ஏறத்தாழ 14 நாளில் இது சுருங்கிப் போகும், மாதவிலக்கு வரும், அடுத்த சுற்று தொடங்கும்.

அப்படியென்றால் மாதவிலக்கு வந்துகொண்டிருக்கும் எந்தப் பெண்ணின் சினைப்பையிலும் மாதத்தில் பாதி நாளுக்கு மேல் ஏதோ ஒரு நீர்ப்பை இருக்கத்தான் செய்யும். 3 சென்டிமீட்டர் வரை அதைக் கட்டி என்றே சொல்ல வேண்டியதில்லை. ரிப்போர்ட்டில் அந்த வார்த்தையைப் போடாமலிருந்தால் எத்தனையோ வீடுகளில் தூக்கம் கெடாது என்பது என் தனிப்பட்ட வருத்தம்.

எப்போதாவது இந்த வேலை தடம் மாறும். ஃபாலிக்கிள் வெடிக்க வேண்டிய நாளில் வெடிக்காமல் நீரைச் சேர்த்துக்கொண்டு 4, 5 சென்டிமீட்டர் என்று பெருக்கும். அல்லது முட்டை போன கூட்டுக்குள் ஒரு மெல்லிய ரத்தக் குழாய் கசிந்து, மஞ்சள் முடிச்சு ரத்தத்தால் உப்பிப் போகும். இரண்டும் வியாதி இல்லை, வழக்கமான வேலையில் வந்த கோளாறு. பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று சுற்றுக்குள் தானாகவே வற்றிவிடும். நம் உதாரணத்தில் இதுதான் மழைத் தண்ணீர்.

தானாக வற்றாதவையும் உண்டு. சாக்லேட் கட்டி என்று ஒன்று. கர்ப்பப்பையின் உள்வரியைப் போன்ற திசு சினைப்பையில் போய் ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு மாதவிலக்கின்போதும் அங்கேயும் கசியும். பழைய ரத்தம் சேர்ந்து சாக்லேட் கூழ் மாதிரி ஆகிவிடுவதால் அந்தப் பெயர். டெர்மாய்ட் என்று இன்னொன்று. இதற்குள் கொழுப்பும், முடியும், சில சமயம் பல்லும்கூட இருக்கும். முடி இருக்கிறது என்று கேள்விப்பட்டுச் செய்வினை என்று பயந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். எந்தத் திசுவாகவும் மாறக்கூடிய முட்டைச் செல் வழிதவறி வளர்ந்ததுதான் அது, பெரும்பாலும் புற்று இல்லாத கட்டி. இவை போக, சினைப்பையின் மேல்தோலிலிருந்து வளர்ந்து நீர் கட்டும் கட்டிகளும், அபூர்வமாகப் புற்றுக்கட்டியும் உண்டு. இவையெல்லாம் குழாய்த் தண்ணீர். எத்தனை சுற்று போனாலும் நிற்கும், சில வளரும்.

ஆக, சினைப்பையில் நீர்ப்பை வருவது மாதாந்தர வேலையின் ஒரு பகுதி. சில மாதம் அது அளவு மீறிப் பெருத்து, பிறகு தானே வற்றும். வற்றாத வகைகள் வேறு இருக்கின்றன. டாக்டருக்குத் தெரிய வேண்டியது, உங்களுக்கு இருப்பது இந்த இரண்டில் எது என்பதுதான்.

## ஒரே ஸ்கேனில் இதைச் சொல்லிவிட முடியாதா?

பல சமயம் முடியும். அதனால்தான் நிறையப் பேரை மறுபடி வரவே சொல்வதில்லை. சில சமயம் முடியாது. காரணம், ஸ்கேன் பார்க்கும் விதம்.

நாம் பேசுவது ஜெல் தடவி எடுக்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். இதில் கதிர்வீச்சு கிடையாது. காதுக்குக் கேட்காத ஒலியை உள்ளே அனுப்பி, திரும்பி வரும் எதிரொலியைப் படமாக்குகிறார்கள். ஆகவே இரண்டு முறை எடுத்தால் உடம்பு கெட்டுவிடுமோ என்ற பயம் வேண்டாம். தெளிந்த நீர் எதிரொலி கொடுக்காது, படத்தில் கருப்பாகத் தெரியும். கெட்டியான பொருள் வெள்ளையாகவோ சாம்பலாகவோ தெரியும். மெல்லிய சுவரும் உள்ளே முழுக் கருப்பும் இருந்தால் அது வெறும் நீர்ப்பை. அதில் பெரிய சந்தேகமில்லை. மாதவிலக்கு வரும் வயதில், 5 சென்டிமீட்டருக்குக் கீழே அப்படி ஒன்று இருந்தால் மறு ஸ்கேனே தேவையில்லை என்பதுதான் பொதுவான வழிகாட்டுதல்.

சிக்கல் வருவது ரத்தம் கலந்த கட்டியில். முட்டியில் அடிபட்டு ரத்தம் கட்டினால் முதல் நாள் சிவப்பு, அப்புறம் நீலம், ஒரு வாரம் கழித்து மஞ்சள் பச்சை என்று மாறுகிறது இல்லையா? சினைப்பைக்குள் கசிந்த ரத்தமும் அப்படித்தான். முதல் சில நாள் மங்கலான புகை மாதிரித் தெரியும். பிறகு உறையும்போது மீன் வலை விரித்த மாதிரி மெல்லிய இழைகள் தெரியும். அதன் பின் உறைந்த ரத்தம் சுருங்கி ஒரு ஓரமாக ஒதுங்கும். எந்த நாளில் ஸ்கேன் எடுக்கிறீர்களோ அந்த நாளின் கோலம்தான் படத்தில் விழும்.

சாக்லேட் கட்டிக்குள் இருப்பதும் ரத்தம்தான். அதுவும் புகை மாதிரித் தெரியும். உறைந்த ரத்தத்தின் ஒரு மூலை கெட்டியான சதை வளர்ச்சி மாதிரியும் தோன்றலாம். நல்ல மெஷின், அனுபவமுள்ள டாக்டர், எல்லாம் இருந்தும் அன்றைய படத்தை வைத்து "இது தொண்ணூறு சதம் வற்றிவிடும் வகை" என்றுதான் சொல்ல முடியும், கையெழுத்துப் போட்டு உறுதி தர முடியாது. வற்றுகிறதா என்று பார்ப்பதுதான் மிச்சமிருக்கும் பரிசோதனை. இதற்கு ஊசி வேண்டாம், கத்தி வேண்டாம், நாட்கள்தான் வேண்டும்.

## ஒரு பெண்ணின் ரிப்போர்ட்

பல பேரின் ரிப்போர்ட்டில் பார்த்ததைச் சேர்த்து நான் அமைத்துக்கொண்ட உதாரணம் இது. 32 வயது, தையல் வேலை பார்ப்பவர். 28 நாள் சுற்று, தவறாமல் வரும். மார்ச் 1-ஆம் தேதி மாதவிலக்கு ஆனார். 20-ஆம் தேதி தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது வலது அடிவயிற்றில் சுருக்கென்று ஒரு வலி. ராத்திரி முழுக்க மந்தமாக வலித்தது. மறுநாள், அதாவது சுற்றின் 21-ஆம் நாள், ஸ்கேன்.

வலது சினைப்பையில் 5.4 × 4.9 × 4.6 சென்டிமீட்டரில் ஒரு கட்டி, உள்ளே வலை போன்ற இழைகள், உள்ளே ரத்த ஓட்டம் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. கடைசி வரி முக்கியமானது. கெட்டியான வளர்ச்சி என்றால் அதற்கு ரத்த ஓட்டம் வேண்டும். உறைந்த ரத்தத்துக்குள் ஓட்டம் இருக்காது. சிறுநீரில் கர்ப்பப் பரிசோதனை செய்தார்கள், இல்லை என்று வந்தது. இதையும் விடக் கூடாது. கர்ப்பமாக இருந்தால் மஞ்சள் முடிச்சு சுருங்காது, முதல் மூன்று மாதம் அங்கேயே இருந்து கர்ப்பத்தைத் தாங்கும். அப்போது கதையே வேறு.

டாக்டரின் கணக்கைப் பாருங்கள். சுற்றின் பின்பாதியில் வந்த வலி, வலை மாதிரிப் படம், உள்ளே ஓட்டமில்லை. எல்லாம் ரத்தம் கட்டிய மஞ்சள் முடிச்சையே காட்டுகின்றன. அறுவை செய்ய அவசரமில்லை. ஆனால் 5 சென்டிமீட்டரைத் தாண்டிவிட்டது, சாக்லேட் கட்டியாக இருக்கச் சின்ன வாய்ப்பும் உண்டு. அதனால் வலிக்கு மட்டும் மாத்திரை கொடுத்து, மே 2-ஆம் தேதி மறு ஸ்கேன் என்று எழுதினார்.

உடனே அறுத்து எடுத்துவிட்டால் நிம்மதி என்று சிலர் நினைக்கிறார்கள். கட்டியை எடுக்கும்போது அதை ஒட்டியுள்ள நல்ல திசுவும், அதிலிருக்கும் முட்டைகளும் கொஞ்சம் போகும். வயிற்றுக்குள் தழும்பு ஒட்டிக்கொள்ளலாம். வற்றப் போகிற தண்ணீருக்காக வாசலைப் பெயர்த்த கதைதான்.

## ஏன் நாலு வாரம் இல்லை, ஆறு வாரம்?

மே 2 எங்கிருந்து வந்தது? இந்தப் பெண்ணுக்கு அடுத்த மாதவிலக்கு மார்ச் 29, அதற்கடுத்தது ஏப்ரல் 26. மே 2 என்பது அந்தச் சுற்றின் 7-ஆம் நாள். முதல் ஸ்கேனிலிருந்து எண்ணினால் சரியாக 42 நாள், அதாவது ஆறு வாரம்.

அவர் அவசரப்பட்டு நாலு வாரத்திலேயே, ஏப்ரல் 18 அன்று, வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 29-இலிருந்து எண்ணுங்கள். ஏப்ரல் 18 என்பது 21-ஆம் நாள். முதல் ஸ்கேன் எடுத்த அதே 21-ஆம் நாள்! இந்த மாதத்துக்கான முட்டை வெளியேறி, புதிய மஞ்சள் முடிச்சு ஒன்று உட்கார்ந்திருக்கும் நேரம். அதுவும் வலது பக்கமே வந்திருந்தால் படத்தில் 2.3 சென்டிமீட்டரில் ஒரு உருண்டை தெரியும். ரிப்போர்ட்டில் என்ன எழுதுவார்கள்? "கட்டி 5.4-லிருந்து 2.3 ஆகக் குறைந்துள்ளது, இன்னும் இருக்கிறது." உண்மையில் பழையது முழுக்க வற்றிப் போயிருக்கலாம். இவர் பார்த்தது புதியது. மழை பெய்த அன்றைக்கே மறுபடி வாசலைப் போய்ப் பார்த்த மாதிரி.

மாதவிலக்கு முடிந்த கையோடு, 5 முதல் 10-ஆம் நாளுக்குள் பார்த்தால் இந்தக் குழப்பம் இல்லை. பழைய மஞ்சள் முடிச்சு சுருங்கியிருக்கும், புதிய ஃபாலிக்கிள் இன்னும் பெரிதாகியிருக்காது. சினைப்பை ஏறக்குறைய காலியாக இருக்கும் நாட்கள் அவை. அப்போதும் ஒரு பெரிய கட்டி தெரிந்தால் அது பழையதுதான்.

ரத்தம் கட்டியது முழுதாகக் கரைய எட்டு வாரம் வரை ஆகலாம் என்பதால் சில டாக்டர்கள் 8 அல்லது 12 வாரம் என்றும் சொல்வார்கள். ஆறா, எட்டா, பன்னிரண்டா என்பதில் டாக்டருக்கு டாக்டர் வித்தியாசம் உண்டு. அதை வைத்து ஒருவரைத் தப்பென்று சொல்லிவிட வேண்டாம்.

இந்தப் பகுதியில் ஒன்றை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோவதானால் இதைக் கொண்டுபோங்கள்: மறு ஸ்கேன் தேதியைக் காலண்டரில் வாரத்தை எண்ணி மட்டும் முடிவு செய்யாதீர்கள், மாதவிலக்கு ஆன நாளையும் சேர்த்து எண்ணுங்கள். சொன்ன தேதிக்கு முன்னாலோ பின்னாலோ மாதவிலக்கு தள்ளிப் போனால் ஸ்கேனையும் அதற்கேற்பத் தள்ளலாமா என்று கேளுங்கள். மாதவிலக்கே வரவில்லை என்றால் முதலில் கர்ப்பப் பரிசோதனை.

## இரண்டாவது ஸ்கேனில் என்ன தெரியும்?

நம் தையல்கார அக்காவுக்கு மே 2 அன்று வலது சினைப்பை சாதாரண அளவில் இருந்தது, கட்டி இல்லை. அத்தோடு முடிந்தது. மூன்றாவது ஸ்கேன் தேவையில்லை.

5.4 சென்டி 2 சென்டியாகச் சுருங்கியிருந்தாலும் நல்ல செய்திதான். வற்றும் வகை என்பது தெரிந்துவிட்டது, முழுதும் வற்றக் கொஞ்சம் நாள் ஆகிறது, அவ்வளவே.

அதே அளவில், அதே புகை மாதிரி நின்றால் குழாய்த் தண்ணீர் என்று அர்த்தம். அப்போதும் உடனே பயப்பட வேண்டியதில்லை. சாக்லேட் கட்டியா, டெர்மாய்டா, வேறு எதுவா என்று பார்க்க எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லலாம், மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பலாம். இங்கே அளவுகளைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் ரிப்போர்ட்டில் 5.4, இரண்டாவதில் 5.6 என்று இருந்தால் "வளர்ந்துவிட்டது" என்று அழாதீர்கள். படத்தில் கோட்டை எங்கே தொடங்கி எங்கே முடித்தார்கள் என்பதிலேயே இரண்டு மூன்று மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். ஆளும் மெஷினும் மாறினால் இன்னும் கூடலாம். முடிந்தால் அதே இடத்தில் எடுங்கள். முடியாவிட்டால் பழைய ரிப்போர்ட்டையும் படத்தையும் கட்டாயம் கையில் கொண்டுபோய், ஸ்கேன் தொடங்கும் முன்பே கொடுங்கள். வெறுங்கையோடு போனால் இரண்டாவது ஸ்கேனும் இன்னொரு முதல் ஸ்கேன்தான்.

உண்மையாகவே பெரிதாகியிருந்தாலோ, உள்ளே கெட்டியான பகுதி முளைத்து அதில் ரத்த ஓட்டம் தெரிந்தாலோ டாக்டர் வேகமாக அடுத்த கட்டத்துக்குப் போவார். சி.ஏ. 125 என்ற ரத்தப் பரிசோதனையும் அப்போது வரலாம். அது கூடியிருந்தாலே புற்று என்று இணையத்தில் படித்துவிட்டு வருபவர்கள் அதிகம். சாக்லேட் கட்டியிலும், மாதவிலக்கு நாட்களிலும், வயிற்றுக் காசநோயிலும்கூட அது கூடும். மாதவிலக்கு வரும் வயதில் அதை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

## காத்திருக்கும் நாட்களில்

கட்டியைக் கரைக்க மருந்து உண்டா என்பது எல்லா ஊரிலும் வரும் கேள்வி. கருத்தடை மாத்திரை கொடுத்தால் சீக்கிரம் கரையும் என்று முன்பு நம்பினார்கள். ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சும்மா இருந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. புதிய கட்டி வருவதை அது குறைக்கலாம், இருப்பதை விரட்டாது.

கழற்சிக்காய்ப் பொடி சாப்பிட்டுக் கரைந்தது என்று சொல்பவர்களையும் நிறையப் பார்க்கிறேன். அவர்கள் பொய் சொல்லவில்லை. பொடி சாப்பிட்டார்கள், கட்டியும் போய்விட்டது. ஆனால் தானாகவே வற்றும் வகைக்கு எதைக் கொடுத்தாலும் அந்த மருந்துக்குத்தான் பெயர் கிடைக்கும். மழைத் தண்ணீர் தேங்கிய வாசலில் கோலம் போட்டுவிட்டு, கோலம்தான் உலர்த்தியது என்று சொல்லலாம் இல்லையா?

இனி வருவதைக் கொஞ்சம் கூர்ந்து கேளுங்கள். ஆறு வாரம் காத்திரு என்றால் என்ன நடந்தாலும் காத்திரு என்று பொருள் இல்லை. கனமான கட்டி தொங்கும் சினைப்பை, காம்போடு சேர்ந்து முறுக்கிக்கொள்ளலாம். 5 சென்டிமீட்டருக்கு மேலான கட்டியில் இந்த ஆபத்து கூடுதல். முறுக்கினால் ரத்த ஓட்டம் நின்று, சில மணி நேரத்தில் சினைப்பை கெடத் தொடங்கும். அது எப்படித் தெரியும்? ஒரு பக்க அடிவயிற்றில் திடீரென்று தாங்க முடியாத வலி, கூடவே குமட்டல், வாந்தி. வலி விட்டு விட்டு வந்தாலும் அலட்சியம் வேண்டாம், பாதி முறுக்கி அவிழ்ந்துகொண்டிருக்கலாம்.

கட்டி உடைந்து உள்ளே ரத்தம் கசிந்தால் வயிறு முழுக்க வலியோடு தலைசுற்றல், வியர்வை, மயக்கம் வரும். சில சமயம் தோள்பட்டையில் வலிக்கும். இவற்றில் எது வந்தாலும், காய்ச்சலோடு வலி கூடினாலும், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ராத்திரி என்றால் 108-ஐ அழையுங்கள். "ஆறு வாரம் ஆகலையே" என்று வாயுவுக்கு மாத்திரை போட்டுக்கொண்டு விடியட்டும் என்று படுத்திருந்தவரை எனக்குத் தெரியும். அவருக்கு அந்தப் பக்கச் சினைப்பையைக் காப்பாற்ற முடியவில்லை.

## இந்தக் கணக்கு யாருக்குப் பொருந்தாது?

மாதவிலக்கு நின்றுவிட்ட அம்மாக்களுக்கு. முட்டை வளர்வதே நின்ற பிறகு மாதாந்தர மழைத் தண்ணீருக்கு இடமில்லை. அவர்களிடம் ஒரு கட்டி தெரிந்தால் அது சின்னதும் வெறும் நீருமாக இருந்தால்கூட டாக்டர் வேறு அளவுகோலால் பார்ப்பார். ரத்தப் பரிசோதனை செய்வார், மறு ஸ்கேனையும் சில மாதம் தள்ளி வைப்பார். ரத்தம் கட்டியது மாதிரித் தெரிந்தால் காத்திருக்கச் சொல்லாமல் அப்போதே மேற்கொண்டு பார்ப்பார். மகளுக்குச் சொன்னதை அம்மாவுக்கும் பொருத்திப் பார்த்து வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் படத்திலேயே கெட்டியான பகுதி, ரத்த ஓட்டம், வயிற்றில் நீர் என்று தெரிந்தவர்களுக்கும் ஆறு வாரம் என்று சொல்ல மாட்டார்கள். ஆகவே உங்களைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றால் அவசரமானதாக டாக்டர் நினைக்கவில்லை என்றுதான் பொருள். மறைக்க ஏதாவது இருந்தால் வீட்டுக்கு அனுப்பியிருக்க மாட்டார்.

## கூட்டம் முடிந்ததும் கேட்பவை

"ரெண்டாவது ஸ்கேன்ல கட்டி இல்லைன்னு வந்துச்சு. அப்ப முதல் ஸ்கேன் தப்பா எடுத்தாங்களா?" இல்லை. அன்றைக்கு இருந்தது, இன்றைக்கு வற்றிவிட்டது. இரண்டு ரிப்போர்ட்டும் சரிதான்.

"வலி ஒரு வாரத்துலயே நின்னுடுச்சு. இன்னும் ஸ்கேன் எடுக்கணுமா?" எடுக்க வேண்டும். ரத்தம் கட்டியது கரையும் முன்பே வலி நின்றுவிடும். சாக்லேட் கட்டிகூட இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் வலிக்காமல் இருக்கும். வலி போனது நல்லது, ஆனால் அதை வைத்து உள்ளே இருப்பது எந்த வகை என்று சொல்ல முடியாது.

"எனக்கு மாதவிலக்கு ஒழுங்கா வராது. நான் எப்படி எண்ணுறது?" இதைக் கேட்காத ஊர் இல்லை. ஆறு வாரம் கழிந்த பிறகு முதலில் எப்போது ஆகிறீர்களோ, அதிலிருந்து 5-ஆம் நாளுக்கு மேல் 10-ஆம் நாளுக்குள் போங்கள். பன்னிரண்டு வாரம் ஆகியும் வரவில்லை என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் போய்ச் சொல்லுங்கள். முதல் ரிப்போர்ட்டின் மேல் மூலையில் பேனாவால் கடைசியாக மாதவிலக்கு ஆன தேதியை எழுதி வையுங்கள். வயிற்றின் மேல் வைத்து எடுக்கும் ஸ்கேன் என்றால் ஒரு மணி நேரம் முன்பே நாலைந்து டம்ளர் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டு போங்கள். சிறுநீர்ப்பை நிறைந்திருந்தால்தான் அதன் வழியாகச் சினைப்பை தெளிவாகத் தெரியும். அவசரமாக வருகிறது என்று பாதியில் போய்விட்டு வந்து, மறுபடி தண்ணீர் குடித்து வரிசையில் கடைசியாக நின்றவர்கள் பெயரைத்தான் நான் சாயங்காலம் கூப்பிட்டுக்கொண்டிருப்பேன்.